தொண்ணூறு சதவீதத்துக்குப் பிறகே இன்சென்டிவ்: ஒரு விற்பனைத் திட்டத்தின் கணக்கும் விளைவும்

விற்பனைப் பணியாளரின் வருமானம் பெரும்பாலும் இரண்டு பாகமாக இருக்கும். ஒன்று, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதக் கடைசியில் வரும் நிலைச் சம்பளம். மற்றொன்று, விற்பனையைப் பொறுத்து ஏறி இறங்கும் ஊக்கத்தொகை. களத்தில் எல்லோரும் அதை இன்சென்டிவ் என்றே சொல்வார்கள். இந்த இரண்டாம் பாகத்தை எந்த இடத்திலிருந்து கொடுக்கத் தொடங்குவது என்பதற்கு நிறுவனங்கள் ஒரு கோடு போடுகின்றன. பிஸ்கட், சோப்பு, மருந்து போல மாதாமாதம் திரும்ப வாங்கப்படும் சரக்குகளில் டார்கெட்டின் 90 சதவீதத்தில் அந்தக் கோட்டைப் போடுவது பரவலான வழக்கம். அதற்குக் கீழே விற்றவருக்கு நிலைச் சம்பளம் மட்டுமே; கோட்டை எட்டியவருக்கு இன்சென்டிவும் உண்டு.

இந்த ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு, 90 சரியா, 80 சரியா என்பதிலேயே நின்றுவிடுவது வழக்கம். ஆனால் ஒரே 90 சதவீதக் கோட்டை வைத்து ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான திட்டங்களை உருவாக்க முடியும். கோட்டைத் தொட்டதும் எவ்வளவு பணம் ஒரேயடியாகக் கிடைக்கிறது, அதன்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு கூடுகிறது என்ற இரண்டுமே திட்டத்தின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

கோடு எதற்கு?

முதல் காரணம், எந்தப் பகுதியிலும் ஒரு பங்கு விற்பனை பிரதிநிதியின் தனி முயற்சி இல்லாமலே நடந்துவிடும் என்பது. பழைய கடைகள் வழக்கமான ஆர்டரைக் கொடுக்கும். விளம்பரமும் பெயரும் சரக்கை நகர்த்தும். அந்த அளவுக்கான உழைப்புக்கு நிலைச் சம்பளமே கூலி, அதற்கு மேல் தள்ளுவதற்குத்தான் இன்சென்டிவ் என்பது நிறுவனத்தின் வாதம். இரண்டாம் காரணம் பட்ஜெட். ஆண்டுத் திட்டம் டார்கெட்டை நம்பியே போடப்படுகிறது. விற்பனை வெகுவாகக் குறைந்த மாதத்தில் லாபமும் குறைகிறது. அந்த மாதத்தில் கூடுதல் தொகை போகாமல் கோடு தடுக்கிறது.

கோட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்குச் சம்பளத் திட்டம் வகுப்பவர்களிடையே ஒரு நடைமுறை அளவு உண்டு. பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். பாதிக்கும் சற்று அதிகமானோர் டார்கெட்டை எட்ட வேண்டும். மிக உயர்ந்த படியை ஒருவர் தொட்டால் போதும். அதாவது தொடக்கக் கோடு, மிகக் குறைவாக விற்பவரை மட்டும் ஒதுக்கும் வாசல். 90 சதவீதம் அந்த வேலையைச் செய்யுமா என்பது, விற்பனை மாதத்துக்கு மாதம் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு பகுதியின் விற்பனை சராசரியாக டார்கெட்டை ஒட்டியே இருக்கிறது என்றும், மேலும் கீழும் சமமாகப் பரவும் மணி வடிவ ஏற்றத்தாழ்வு கொண்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். அதன் திட்ட விலக்கம் டார்கெட்டில் 5 சதவீதமாக இருந்தால், 90-ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 98 சதவீதம். திட்ட விலக்கம் 10 சதவீதமானால் வாய்ப்பு 84 ஆகக் குறைகிறது. 20 சதவீதமானால் 69. உழைப்பு ஒன்றே என்றாலும், ஊசலாட்டம் மிகுந்த பகுதியில் வேலை செய்பவர் பத்து மாதத்தில் மூன்று மாதம் வெறுங்கையோடு போகிறார். ஆண்டுக்குச் சில பெரிய ஒப்பந்தங்களை மட்டுமே முடிக்கும் இயந்திர விற்பனைக்கும் மென்பொருள் விற்பனைக்கும் 90 சதவீதக் கோடு பொருந்தாமல் போவது இதனால்தான். ஓர் ஒப்பந்தம் ஒரு வாரம் தள்ளிப்போனால் அங்கே எண்ணே தலைகீழாக மாறிவிடும்.

ஒரே கோடு, மூன்று கணக்கு

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஒரு நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிக்கு மாத டார்கெட் 20 லட்சம் ரூபாய். ஆகவே ஒரு சதவீதம் என்பது 20,000 ரூபாய் விற்பனை. 90 சதவீதக் கோடு 18 லட்சத்தில் விழுகிறது. டார்கெட்டைச் சரியாக எட்டினால் அவருக்கு 10,000 ரூபாய் இன்சென்டிவ் கிடைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் முடிவு. இந்த முடிவை மூன்று விதமாக எழுதலாம்.

முதலாவது முழு விற்பனை முறை. கோட்டைத் தொட்டுவிட்டால் முதல் ரூபாயிலிருந்து மொத்த விற்பனைக்கும் அரை சதவீதம் கிடைக்கும். 18 லட்சத்தில் 9,000 ரூபாய். 20 லட்சத்தில் 10,000. ஆனால் விற்பனை 17,99,000-இல் நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது மேல்மிச்ச முறை. கோட்டுக்கு மேலே விற்ற தொகைக்கு மட்டும் 5 சதவீதம். 18 லட்சத்தில் இன்சென்டிவ் பூஜ்யம்; 19 லட்சத்தில் 5,000; 20 லட்சத்தில் 10,000; 22 லட்சத்தில் 20,000.

மூன்றாவது பாதிப்படி முறை. 90 சதவீதத்தை எட்டியதும் டார்கெட் இன்சென்டிவில் பாதி, அதாவது 5,000 ரூபாய் கைக்கு வரும். அதன்பின் 100 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் 500 ரூபாய் கூடும். 100-ஐத் தாண்டினால் சதவீதத்துக்கு 1,000 ரூபாய்.

மூன்று சுற்றறிக்கைகளிலும் ‘90 சதவீதத்திலிருந்து இன்சென்டிவ்’ என்றே தலைப்பு இருக்கும். மூன்றுமே டார்கெட்டில் 10,000 ரூபாய்தான் கொடுக்கின்றன. ஆனால் 89 சதவீதத்தில் நிற்கும் பிரதிநிதிக்கு அடுத்த 20,000 ரூபாய் விற்பனையின் மதிப்பு ஒவ்வொன்றிலும் வேறு. முழு விற்பனை முறையில் அது 9,000 ரூபாய் தருகிறது, பாதிப்படியில் 5,000, மேல்மிச்சத்தில் ஒன்றுமில்லை. கோட்டைத் தாண்டியபின் நிலைமை தலைகீழாகிறது. மேல்மிச்ச முறையில் ஒவ்வொரு சதவீதமும் 1,000 ரூபாய் தர, முழு விற்பனை முறையில் அது வெறும் 100 ரூபாய். முழு விற்பனை முறையில் 90-ஐத் தொட்டவருக்கு அந்த மாதம் மேலும் அலையப் பெரிய காரணம் இல்லை.

இனி ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு காலாண்டைப் பார்க்கலாம். கடைகளின் இயல்பான தேவைப்படி ஏப்ரலில் 17,20,000 ரூபாயும் (86 சதவீதம்), மே மாதம் 18,80,000 ரூபாயும் (94 சதவீதம்), ஜூனில் 21,00,000 ரூபாயும் (105 சதவீதம்) விற்பனையாகின்றன. மொத்தம் 57 லட்சம். காலாண்டு டார்கெட்டான 60 லட்சத்தில் 95 சதவீதம்.

| மாதம் | முழு விற்பனை | மேல்மிச்சம் | பாதிப்படி |
|---|---|---|---|
| ஏப்ரல் (86%) | 0 | 0 | 0 |
| மே (94%) | 9,400 | 4,000 | 7,000 |
| ஜூன் (105%) | 10,500 | 15,000 | 15,000 |
| மொத்தம் | 19,900 | 19,000 | 22,000 |

மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. பட்ஜெட் போடும் அதிகாரி இந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, எந்த முறையானாலும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடலாம். பிரதிநிதி தன் பில்களின் தேதியை நகர்த்தத் தொடங்கும்போதுதான் மூன்றும் பிரிகின்றன.

பில் நகரும் திசை

ஏப்ரல் 27-ஆம் தேதி வாக்கில் மாதம் 86 சதவீதத்தில் முடியும் என்பது பிரதிநிதிக்குத் தெரிந்துவிடும். அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, மே மாதச் சரக்கை ஏப்ரலிலேயே பில் போடுவது. ஸ்டாக்கிஸ்டிடம் பேசி 80,000 ரூபாய் சரக்கை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் ஏப்ரல் சரியாக 18 லட்சமாகும். அந்தச் சரக்கு மே மாதம் மறுபடி தேவைப்படாததால் மே மாதமும் 18 லட்சத்துக்கு இறங்கும். காலாண்டு மொத்தம் அதே 57 லட்சம். ஆனால் முழு விற்பனை முறையில் பிரதிநிதிக்கு ஏப்ரலில் 9,000, மே மாதம் 9,000, ஜூனில் 10,500 என 28,500 ரூபாய் கிடைக்கிறது. இயல்பான கணக்கைவிட 8,600 அதிகம். பாதிப்படி முறையில் 5,000, 5,000, 15,000 சேர்ந்து 25,000. இது 3,000 அதிகம். மேல்மிச்ச முறையிலோ ஏப்ரலும் மே மாதமும் பூஜ்யமாகி, மொத்தம் 15,000 ரூபாயாகக் குறைகிறது. அந்த முறையில் இந்த வழி அவருக்கு நஷ்டம்.

மற்றொரு வழி, கைவிட்ட மாதத்தை மேலும் கைவிடுவது. ஏப்ரலில் எப்படியும் இன்சென்டிவ் இல்லை என்பதால், கடைசி வாரத்தில் வந்த 1,20,000 ரூபாய் ஆர்டர்களை மே முதல் தேதிக்குத் தள்ளலாம். ஏப்ரல் 16 லட்சமாகும். மே 20 லட்சமாகும். இப்போது மேல்மிச்ச முறையில் மே மாதம் 10,000, ஜூனில் 15,000 என 25,000 ரூபாய் வருகிறது. இயல்பைவிட 6,000 அதிகம். பாதிப்படியிலும் அதே 25,000, அதாவது 3,000 அதிகம். முழு விற்பனை முறையில் கூடுதல் வெறும் 600 ரூபாய்.

ஆக, கோட்டில் பெரிய தாவல் வைத்த திட்டம் பில்லை முன்னுக்கு இழுக்கிறது. தாவல் இல்லாமல் கோட்டுக்கு மேலே செங்குத்தாக ஏறும் திட்டம் பில்லைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டையும் கலந்த திட்டத்தில் இரு திசையிலும் நகர்த்த இடமுண்டு, ஆனால் ஆதாயம் சிறியது. கோடு மூன்றிலும் 90 சதவீதத்தில்தான் நிற்கிறது.

நிறுவனத்துக்கு இதில் நேரும் செலவு இன்சென்டிவோடு முடிவதில்லை. தேவையில்லாத சரக்கை ஸ்டாக்கிஸ்ட் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். கூடுதலாக 2 சதவீதத் தள்ளுபடி கேட்கிறார் என்றால் 80,000 ரூபாய்க்கு அது 1,600. முழு விற்பனை முறையில் 8,600-உடன் இதையும் சேர்த்து 10,200 ரூபாய் செலவாகிறது. கடைகளில் ஒரு ரூபாய் சரக்குகூட அதிகமாக விற்கவில்லை. கடன் நாள் நீள்வதும், தேங்கிய சரக்கு காலாவதியாகித் திரும்புவதும் இதன் பின்னால் வருபவை. பில்லைத் தள்ளிப்போடும்போது இழப்பு வேறு வகை: சரக்குக்குக் காத்திருக்கும் கடைக்காரர் அந்த வாரம் போட்டி நிறுவனத்தின் பொருளை அடுக்கிவிடுகிறார்.

ஆய்வுகள் சொல்வது

இந்தத் தேதி நகர்வு பரந்த அளவில் நடக்கிறதா என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் பால் ஓயர் 1998-இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் விற்பனை, அவற்றின் நிதியாண்டு முடியும் காலத்தில் உயர்ந்தும் புதிய நிதியாண்டின் தொடக்கத்தில் தாழ்ந்தும் இருப்பதை அவர் காட்டினார். வெவ்வேறு நிறுவனங்களின் நிதியாண்டு வெவ்வேறு மாதங்களில் முடிவதால், பண்டிகை, பருவம் போன்ற காரணங்களிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. டார்கெட் ஆண்டோடு முடிவதும் அதைச் சுற்றி ஊதியம் வளைந்து செல்வதுமே அவர் தந்த விளக்கம்.

ஒரே நிறுவனத்துக்குள் நுழைந்து செலவை அளந்தவர் இயன் லார்கின். ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில், காலாண்டு விற்பனை கூடக்கூட கமிஷன் விகிதமும் ஏறும் திட்டம் இருந்தது. விற்பனையாளர்கள் தமக்குச் சாதகமான காலாண்டில் ஒப்பந்தம் விழுவதற்காக வாடிக்கையாளருக்கு அதிகத் தள்ளுபடி கொடுத்தார்கள். அதனால் நேர்ந்த இழப்பு வருவாயில் 6 முதல் 8 சதவீதம் என்று 2014-இல் வெளியான அவர் ஆய்வு மதிப்பிட்டது.

எல்லா ஆய்வுகளும் இதே பக்கம் சாயவில்லை. அலுவலகச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் தரவுகளைத் தனித்தனிப் பணியாளர் அளவில் பார்த்த தாமஸ் ஸ்டீன்பர்க், டார்கெட்டை எட்டினால் கிடைக்கும் மொத்தத் தொகை போனஸ் பெரும்பாலும் கூடுதல் உழைப்பையே வரவழைத்தது, தேதி நகர்த்தலை அல்ல என்று 2008-இல் எழுதினார். அவரும் டக் சுங், கே. சுதிர் ஆகியோரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் பிரித்துக் காட்டியது. காலாண்டு போனஸ் பின்தங்கியவர்களை ஆண்டு டார்கெட்டின் பாதையில் பிடித்து வைக்கிறது. டார்கெட்டைத் தாண்டியபின் ஏறும் கமிஷன், நன்றாக விற்பவர்களை ஓய்ந்துவிடாமல் வைக்கிறது.

இங்குள்ள கேள்விக்கு மிக நெருங்கியது சஞ்சோக் மிஸ்ரா, ஹரிகேஷ் நாயர் ஆகியோரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு. கண்ணில் பொருத்தும் லென்ஸ் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், கோட்டா எட்டியபின் தொடங்கி ஒரு உச்சவரம்பில் நின்றுவிடும் கமிஷன் இருந்தது. மேலே கண்ட மேல்மிச்ச முறையின் மாதிரிதான். ஆய்வாளர்களின் பரிந்துரைப்படி கோட்டாவும் உச்சவரம்பும் நீக்கப்பட்டன. வருவாய் சுமார் 9 சதவீதம் உயர்ந்தது. தொடக்கக் கோடு எல்லா இடத்திலும் தீங்கு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அங்கே மேல் எல்லையும் சேர்ந்தே அகற்றப்பட்டது. நல்ல விற்பனையாளர்கள் உச்சவரம்பை எட்டாதபடி நிதானித்ததும் அந்த நிறுவனத்தின் சிக்கலில் ஒரு பகுதி.

எப்படிக் கண்டுகொள்வது

சொந்தத் திட்டம் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை அறிய நிறுவனத்துக்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஓராண்டில் எல்லாப் பிரதிநிதிகளின் மாதச் சாதனைச் சதவீதத்தையும் வரிசையாக அடுக்கினால் போதும். 86 முதல் 89 வரை ஆளில்லாமல் காலியாகவும், 90-இலும் 91-இலும் கூட்டமாகவும் இருந்தால் கோட்டில் உள்ள தாவல் வேலை செய்கிறது என்று பொருள்.

அந்தக் கூட்டத்துக்கு உண்மையான உழைப்பும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுத்த மாதம். கடைசி வாரத்தில் கூடுதலாகக் கடை ஏறி இறங்கி 90-ஐத் தொட்டிருந்தால், அடுத்த மாத விற்பனை வழக்கம்போல் இருக்கும். சரக்கை ஏற்றித் தொட்டிருந்தால், அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஏறத்தாழ அதே தொகைக்குக் குறையும். ஸ்டாக்கிஸ்ட் கிடங்கில் எத்தனை நாள் சரக்கு நிற்கிறது என்பதும் மாதக் கடைசியில் உயரும். பின்னுக்குத் தள்ளும் பழக்கத்துக்கு அடையாளம் வேறு: 70, 75 சதவீதத்தில் முடிந்த மாதத்தை அடுத்து, முதல் தேதியிலேயே அசாதாரணமாகப் பெரிய பில்கள்.

திருத்தும் வழிகள்

முதலில் திருத்த வேண்டியது அளவுகோல். நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்குப் போடும் பில் பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்குப் போடுவது செகண்டரி. இன்சென்டிவ் பிரைமரியை வைத்துக் கணக்கிடப்பட்டால் சரக்கை ஏற்றுவதே சாதனையாகிவிடும். செகண்டரிக்கு மாற்றினால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும். ஆனால் செகண்டரி எண்கள் ஸ்டாக்கிஸ்டின் கணினியிலிருந்து வருபவை. அவை ஒழுங்காகப் பதிவாகும் இடங்களில்தான் இது பயன்படும். எதை வைத்துக் கணக்கிட்டாலும், திரும்பி வந்த சரக்கை வந்த மாதத்தின் விற்பனையில் கழிப்பதும், வரி நீங்கிய தொகையையே எடுத்துக்கொள்வதும் விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 89.6 சதவீதத்தை 90 என்று எடுத்துக்கொள்வதா என்பதும் அப்படியே. முழு விற்பனை முறையில் அந்த ஒரு வரிக்கு விலை கிட்டத்தட்ட 9,000 ரூபாய். தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, கால அளவு. முந்தைய உதாரணத்தில் மூன்று மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சாதனை 95 சதவீதம். பாதிப்படி முறையில் காலாண்டு டார்கெட் இன்சென்டிவ் 30,000. 90 சதவீதத்துக்கு 15,000, மேலே ஐந்து சதவீதத்துக்குத் தலா 1,500 வீதம் 7,500, ஆக 22,500 ரூபாய். மாதாந்திரக் கணக்கில் வந்த 22,000-க்கு இது ஏறக்குறைய சமம். ஏப்ரல் பில்லை மே மாதத்துக்கும், மே பில்லை ஏப்ரலுக்கும் எப்படி மாற்றினாலும் இந்த எண் அசையாது. விளையாட்டு முழுவதும் ஒழிந்துவிடுவதில்லை; ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை நடக்கக் கூடியது நான்கு முறையாகக் குறைகிறது. அதற்கு ஈடாக, பணத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மாத வருமானத்தை நம்பி வாழும் களப் பணியாளருக்கு அது சிறு விஷயமல்ல. மாதந்தோறும் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, காலாண்டு முடிவில் நேர் செய்வது இதற்கு நடுவழி.

மூன்றாவது, தாவலின் உயரம். பாதிப்படி முறையில் 90-இல் கிடைக்கும் 5,000-ஐ 2,000 ஆக்கி, அதன்பின் சதவீதத்துக்கு 800 ரூபாய் வைத்தாலும் டார்கெட்டில் 10,000 ரூபாய்தான் வரும். முன்னுக்கு இழுக்கும் ஆசை குறையும். பின்னுக்குத் தள்ளும் ஆசை சற்றுக் கூடும். இரண்டையும் ஒருசேர ஒழிக்கும் தாவல் உயரம் கிடையாது. முதல் ரூபாயிலிருந்து ஒரே விகிதம் என்ற நேர்கோட்டுத் திட்டத்தில் மட்டுமே தேதி நகர்வால் ஆதாயம் இல்லை. அதில் உதாரணப் பிரதிநிதிக்கு மூன்று மாதத்தில் 28,500 ரூபாய் போகும். 86 சதவீத மாதத்துக்கும் பணம் உண்டு. கோடு போடும் நிறுவனம் இந்தத் தொகையில் மிச்சம் பிடிக்கிறது. அதற்கு விலையாகத் தேதி விளையாட்டை ஏற்றுக்கொள்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டார்கெட் எப்படி வைக்கப்படுகிறது என்பது. டார்கெட்டே 10 சதவீதம் மிகையாக வைக்கப்பட்டிருந்தால், சராசரி விற்பனை 90-ஐ ஒட்டி வந்து நிற்கும். கோட்டைத் தாண்டுவது ஏறக்குறைய காசு சுண்டுவதற்குச் சமமாகிவிடும். இந்த ஆண்டுச் சாதனையின் மேலேயே அடுத்த ஆண்டு டார்கெட் ஏற்றப்பட்டால், அனுபவமுள்ளவர் 103, 104 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வார்.

சரக்கு மாதாமாதம் சீராக விற்பது, டார்கெட் பகுதியின் உண்மையான தேவையை ஒட்டி இருப்பது, கணக்கு கடைக்குப் போன சரக்கை வைத்து நடப்பது ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் 90 சதவீதக் கோடு பெரிய தீங்கு செய்யாது. அங்கேயும் தாவல் சிறிதாகவும் காலம் ஒரு காலாண்டாகவும் இருப்பது நல்லது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கோட்டை 70, 80 சதவீதத்துக்கு இறக்கலாம். அல்லது அதை நீக்கிவிட்டு விகிதத்தைக் குறைக்கலாம்.